மொட்டை மாடித் தண்ணீர் டேங்க்: மூடி, காற்றுவழி, ஓவர்ஃப்ளோ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டேங்க்குக்கு மூடி போட்டுத்தான் இருக்கு. அப்புறம் எப்படி உள்ளே கொசுப்புழு வருது?

மூடி ஒரு வாசல்தான். சாதாரண 1000 லிட்டர் பிளாஸ்டிக் டேங்க்கில் குறைந்தது நாலைந்து திறப்புகள் இருக்கும். மோட்டார் தண்ணீர் வரும் குழாய் நுழையும் ஓட்டை, ஓவர்ஃப்ளோ குழாயின் வாய், கீழே இறங்கும் லைனிலிருந்து மேலே தூக்கி நிறுத்திய ஏர் பைப், ஃப்ளோட் சுவிட்ச் ஒயருக்காகப் போட்ட துளை, கடைசியாக மூடியின் விளிம்பு. புழு வரும் வீடுகளில் பெரும்பாலும் மூடி ஒழுங்காகவே இருக்கும், ஓவர்ஃப்ளோ வாய் திறந்து கிடக்கும். தண்ணீர் வெளியே போகிற வழிதானே என்று யாரும் அதைக் கவனிப்பதில்லை. நாளில் ஐந்து நிமிடம் தண்ணீர் வழியும் குழாய் மற்ற நேரமெல்லாம் காலியாக, நிழலாக, ஈரமாக இருக்கிறது. முட்டையிட இடம் தேடும் கொசுவுக்கு அதைவிட நல்ல வழி கிடையாது.

டெங்கு பரப்பும் ஏடிஸ், நகரத்து மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் ஸ்டீபன்ஸி இரண்டுமே சுத்தமான தண்ணீரில் வளர்பவை. சென்னையில் மலேரியா நெடுங்காலம் நீடித்ததற்கு மொட்டை மாடித் தொட்டிகளும் கிணறுகளும் முக்கியக் காரணம். சாக்கடை பக்கத்தில் இல்லை என்பதால் உங்கள் டேங்க் தப்பித்துவிடாது.

எவ்வளவு சின்ன இடைவெளி இருந்தா கொசு நுழையும்?

தீக்குச்சி நுழைகிற இடைவெளியில் கொசுவும் நுழையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைவிடக் குறுகலான இடுக்கைக் கொசு தேடிப் போவது அரிது. ஆனால் வலைக்கு அளவு இன்னும் கறாராக இருக்க வேண்டும், கண்ணி 1.2 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. கடையில் சரிபார்க்க எளிய வழி: ஸ்கேலை வலைமேல் வைத்து ஓர் அங்குலத்துக்குள் எத்தனை கண்ணி என்று எண்ணுங்கள். 16 முதல் 18 இருந்தால் சரி. 10, 12 என்றால் அது ஜன்னலில் பூச்சி தடுக்கவே போதாது.

அப்போ எல்லா ஓட்டையையும் ஒரேயடியா அடைச்சிட்டா என்ன?

அடைக்க முடியாது, அடைக்கவும் கூடாது. டேங்க்கிலிருந்து 500 லிட்டர் தண்ணீர் இறங்கினால் அந்த இடத்தை நிரப்ப 500 லிட்டர் காற்று உள்ளே போயாக வேண்டும். மோட்டார் போட்டு நிரப்பும்போது அதே அளவு காற்று வெளியே வர வேண்டும். வழியே இல்லாவிட்டால் குளியலறைக் குழாயில் தண்ணீர் குறைந்து, விட்டு விட்டு வரும். மூடி உள்நோக்கி இழுபடும். சுவர் மெலிந்த பிளாஸ்டிக் டேங்க் பக்கவாட்டில் ஒடுங்கிக்கூடப் போகும்.

இந்தப் பக்கத்தில் வரும் மற்ற பதில்களுக்கெல்லாம் இதுதான் அடிப்படை. டேங்க் தினமும் மூச்சு விடுகிறது. வலை கட்டிய வழி ஒன்றை நீங்கள் கொடுக்காவிட்டால், மூடியின் விளிம்பு வழியாகவோ குழாய் ஓட்டை வழியாகவோ அது இழுத்துக்கொள்ளும். இழுக்கும் காற்றோடு மாடித் தூசியும் சேர்ந்து உள்ளே போகும். அதனால் மூடி முழுக்க அடைய வேண்டும், காற்றுக்கென்று தனிவழி திறந்திருக்க வேண்டும், அந்த வழியில் வலை இருக்க வேண்டும்.

எங்கெங்கே ஓட்டை இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இருட்டிய பிறகு மாடிக்குப் போங்கள். நல்ல வெளிச்சம் தரும் டார்ச் ஒன்றை எரியவிட்டு, பிளாஸ்டிக் பையில் கட்டி, கயிற்றில் தொங்கவிட்டு டேங்க்குக்குள் நீர்மட்டத்துக்கு மேல் நிற்கும்படி இறக்குங்கள். மூடியை வழக்கம்போல் மூடுங்கள். கயிறு மெல்லியதாக இருக்கட்டும், இல்லாவிட்டால் அதுவே மூடியைத் தூக்கி நிறுத்திப் பொய் காட்டும். இப்போது மாடி விளக்கை அணைத்துவிட்டு டேங்க்கைச் சுற்றி வாருங்கள். கருப்பு டேங்க்கில் வெளிச்சக் கீற்று தெரியும் இடமெல்லாம் ஓட்டை. மூடியின் விளிம்பில் பிறைபோல ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் தெரிவது ரொம்ப சகஜம், மூடி கோணியிருக்கிறது என்று அர்த்தம்.

ஓவர்ஃப்ளோ குழாயில் வளைவு இருந்தால் வெளிச்சம் வெளியே வராது. அதைத் தனியாகப் பாருங்கள். ஏர் பைப்பும் இந்தச் சோதனையில் சிக்காது.

மூடி பறக்காம இருக்க மேல ரெண்டு செங்கல் வச்சிருக்கோம். அது போதாதா?

அம்மியே பறக்கும் ஆடிக் காற்றில் பிளாஸ்டிக் மூடி எம்மாத்திரம், பாரம் வைப்பது நியாயம்தான். ஆனால் வெயிலில் இளகிய மூடியின் நடுவில் செங்கல் உட்கார்ந்தால் நடு குழிந்து விளிம்பு மேலே தூக்கிக்கொள்ளும். அந்த இடைவெளியில் கொசு போகும். குழியில் மழைத் தண்ணீர் தேங்கும். அந்தத் தேங்கலிலேயே ஏடிஸ் முட்டையிடும். ஆக டேங்க்கைக் காக்க வைத்த செங்கல் டேங்க்கின் தலையிலேயே ஒரு கொசுப்பண்ணை வைத்த கதையாகிவிடும்.

செங்கலுக்குப் பதில் கட்டுங்கள். திருகு மூடி என்றால் மரை தேயாமல் முழுச் சுற்றும் ஏறுகிறதா பாருங்கள். அழுத்தி மூடும் வகை என்றால் விளிம்பில் எதிரெதிராக நாலு இடத்தில் சிறு துளை போட்டு, டேங்க் கழுத்தோடு சேர்த்து ஜி.ஐ. கம்பியாலோ நைலான் கயிற்றாலோ குறுக்காகக் கட்டலாம். துளை, கழுத்துக்கு வெளியே தொங்கும் விளிம்பில்தான் வர வேண்டும், மேல்பரப்பில் போட்டுவிடாதீர்கள். கழுத்துக்கும் மூடிக்கும் நடுவே ஒரு சுற்று ரப்பர் பீடிங் ஒட்டினால் சின்னக் கோணல் அடைபட்டுவிடும். வெடித்த மூடியை ஒட்டவைத்துப் பயனில்லை. அதே கம்பெனி, அதே அளவு மூடி தனியாகக் கிடைக்கும். வாங்கப் போகும்போது டேங்க்கின் கொள்ளளவைச் சொல்லாதீர்கள், கழுத்தின் வெளி விட்டத்தை அளந்து கொண்டு போங்கள்.

எங்களோடது பழைய சிமெண்ட் தொட்டி. அதுக்கு எப்படிப்பட்ட மூடி போடணும்?

முதலில் மூடியை விட்டுவிட்டு வாயைப் பாருங்கள். பழைய தொட்டிகளில் ஆள் இறங்கும் வாய் மேல்தளத்தோடு சமமாக இருக்கும், அதன்மேல் ஒரு சிமெண்ட் பலகையோ தகரமோ கிடக்கும். மழை பெய்தால் மேல்தளத்துத் தண்ணீர் முழுவதும், காக்கை எச்சம், வேப்பிலைச் சருகு, தூசி எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு அந்தச் சந்தில்தான் இறங்கும். எவ்வளவு கனமான மூடி போட்டாலும் இது நிற்காது.

வாயைச் சுற்றி 4 முதல் 6 அங்குல உயரத்துக்கு ஒரு கட்டு கட்ட வேண்டும். செங்கல் வைத்து, உள்ளும் புறமும் நீர்க்கசிவு தடுக்கும் கலவையோடு பூசினால் போதும். மூடி அந்தக் கட்டின் மேல் உட்கார்ந்து, நாலு பக்கமும் குறைந்தது 2 அங்குலம் வெளியே கவிழ்ந்து தொங்க வேண்டும், டிபன் பாக்ஸ் மூடி மாதிரி. மழை மூடிமேல் விழுந்து, விளிம்பில் வழிந்து, கட்டுக்கு வெளியே சொட்டிவிடும். எவர்சில்வர் தகட்டில் செய்வது நல்லது. இரும்புத் தகடு உள்பக்கம் வியர்த்துத் துருப்பிடித்து, அந்தச் செதில்கள் தண்ணீரில் உதிரும். மூடியை லேசாக ஒரு பக்கம் சாய்த்து வைத்தால் தண்ணீர் தேங்காது. கீல், பூட்டு இரண்டும் வையுங்கள். குழந்தைகள் ஏறும் மாடியில் பூட்டு கட்டாயம்.

ஓவர்ஃப்ளோவில் கொசு வலை கட்டினேன். இப்போ தண்ணி மூடி வழியா வழியுது. வலையை எடுத்துடவா?

எடுக்க வேண்டாம், வலையின் பரப்பைப் பெரிதாக்குங்கள். நல்ல கொசு வலையிலும் திறந்த பகுதி ஏறக்குறைய 60 சதவீதம்தான், மீதி கம்பி. அதாவது ஒன்றரை அங்குலக் குழாயின் வாயில் வலையை நேரடியாகக் கட்டினால் கட்டிய நாளிலேயே குழாய் பாதிக்குக் கொஞ்சம் கூடத்தான் திறந்திருக்கிறது. போர் தண்ணீரின் உப்பு சில மாதங்களில் கண்ணிகளில் வெள்ளையாகப் படிந்து மீதியையும் அடைக்கும். மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், தண்ணீர் போக வழியில்லாமல் மட்டம் ஏறி, மூடி விளிம்பிலும் குழாய் ஓட்டையிலும் வழியும்.

குழாயின் முனையில் ரெடியூசர் போட்டு அகலப்படுத்துங்கள். ஒன்றரையிலிருந்து 2 அங்குலம், 2-லிருந்து 4 அங்குலம், அந்த 4 அங்குல வாயில் வலை. 4 அங்குல வட்டம் ஒன்றரை அங்குல வட்டத்தைப்போல் ஏழு மடங்கு பரப்பு உள்ளது. வலையின் கம்பியைக் கழித்தாலும் நாலு மடங்குக்கு மேல் திறப்பு மிஞ்சும். முக்கால் பங்கு உப்பால் அடைந்தாலும் குழாயின் முழுக் கொள்ளளவு தண்ணீர் போகும். வாய் கீழ்நோக்கி இருக்கட்டும், மழையும் சருகும் உள்ளே விழாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வலையைக் கழற்றி வினிகரில் ஊறவைத்துத் தேய்த்தால் உப்பு போய்விடும்.

இன்னொன்று. ஓவர்ஃப்ளோ எப்போதும் உள்ளே வரும் குழாயைவிட ஓர் அளவாவது பெரிதாக இருக்க வேண்டும். ஒரு அங்குலக் குழாயில் மோட்டார் அழுத்தித் தள்ளும் தண்ணீர், ஒரு அங்குல ஓவர்ஃப்ளோவில் தன் எடையால் மட்டும் அதே வேகத்தில் வெளியேறாது. வலை இல்லாமலேயே மூடி வழியாக வழியும் டேங்க்குகளில் பிழை இங்கேதான்.

எந்த வலை வாங்குறது? நைலான் வலை மலிவா இருக்கே?

எவர்சில்வர் வலை, 304 ரகம். நைலான் வலை மாடி வெயிலில் ஓரிரு வருஷத்தில் பொடிந்துவிடும், அதற்கு முன்பே அணில் கடித்தாலும் கடித்துவிடும். ஜி.ஐ. வலை ஈரத்தில் துருப்பிடித்து, கண்ணி அடைந்து, பிறகு கிழியும். ஒரு டேங்க்குக்கு ஒரு சதுர அடி வலை போதும், விலை வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. வலையைக் கயிற்றால் கட்டாமல் எவர்சில்வர் ஓஸ் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள், அப்போதுதான் கழற்றிக் கழுவ முடியும். கழுவ முடியாத வலையைச் சீக்கிரம் யாராவது குச்சியால் குத்தி ஓட்டை போடுவார்கள்.

ஏர் பைப்னு ஒண்ணு டேங்க் பக்கத்துல நிக்குதே, அதையும் மூடணுமா?

மூடக் கூடாது, வலை கட்ட வேண்டும். டேங்க்கிலிருந்து கீழே இறங்கும் லைனில் காற்று அடைத்துக்கொண்டால் குழாயில் தண்ணீர் வராது. அந்தக் காற்றை வெளியே விடத்தான் அந்தக் குழாய். அதில் டேங்க்கின் நீர்மட்ட உயரம்வரை தண்ணீர் நிற்கும், அதனால் உச்சி டேங்க்கைவிட உயரமாக இருக்கும். பல இடங்களில் அதன் வாய் நேராக வானத்தைப் பார்த்துத் திறந்து கிடக்கிறது. மழைத் தண்ணீரும் தூசியும் டேங்க்கைத் தொடாமல் நேராக உங்கள் குழாய்க்கே வந்துவிடும். கொசுவும் அந்தக் குறுகிய நீர்ப்பரப்பில் முட்டையிடலாம்.

உச்சியில் இரண்டு எல்போ போட்டுக் கைத்தடிப் பிடிபோல வளைத்து, வாயைக் கீழ்நோக்கித் திருப்பி, வலை கட்டிவிடுங்கள். இதில் பெரிய அளவில் தண்ணீர் ஓடாது என்பதால் ரெடியூசர் வேண்டாம்.

டேங்க்குக்கே காற்றுவழி தனியாகப் போடுவதென்றாலும் இதே கைத்தடி வளைவுதான். ஒன்றரை அங்குலக் குழாய், டேங்க்கின் தலையிலிருந்து ஒரு சாண் உயரம், வாய் கீழ்நோக்கி. உயரம் குறைந்தால் மழைத்துளி டேங்க்கின் தலையில் பட்டுத் தெறித்து, அங்கிருக்கும் எச்சத்தோடு வலைக்குள் போகும். சில மூடிகளின் நடுவே சின்னத் தொப்பிபோட்ட காற்றுத் துளைகள் இருக்கும். தொப்பியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே வலை இல்லாமல் வெறும் ஓட்டைகளாக இருப்பது உண்டு. அப்படியானால் உள்பக்கம் வலைத் துண்டு வைத்துத் திரும்ப மாட்டுங்கள்.

ஓவர்ஃப்ளோ குழாயை நேரா மழைநீர் பைப்பிலோ சாக்கடையிலோ சேர்த்துட்டா வலையே வேண்டாம்ல?

அது இன்னும் மோசம். மூன்றாவது பதிலில் சொன்ன மூச்சை மறுபடி நினைத்துப் பாருங்கள். தனிக் காற்றுவழி இல்லாத டேங்க்கில் நீங்கள் குளிக்கக் குளிக்கத் தண்ணீர் இறங்கி, ஓவர்ஃப்ளோ வழியாகத்தான் காற்று உள்ளே ஏறும். அதன் மறுமுனை சாக்கடைச் சேம்பரில் இருந்தால் டேங்க் சாக்கடைக் காற்றை இழுக்கும். கரப்பான் பூச்சி குழாய்க்குள்ளேயே ஏறி வரும். தண்ணீரில் காரணம் தெரியாத வாடை என்று சொல்லும் வீடுகளில் இதை முதலில் பாருங்கள்.

ஓவர்ஃப்ளோ எதனோடும் இணையக் கூடாது. மழைநீர் பைப்பின் வாய்க்கு மேல் ஒரு சாண் இடைவெளி விட்டு, கண்ணுக்குத் தெரியும்படி அந்தரத்தில் ஊற்ற வேண்டும். தெரிய வேண்டும் என்பதில் இன்னொரு லாபம், மோட்டாரை அணைக்க மறந்தது உடனே தெரிந்துவிடும்.

யூ பெண்ட் போட்டு தண்ணி நிக்க வச்சா? பாத்ரூம்ல வாடை வராம இருக்க போடுற மாதிரி?

பாத்ரூமில் தினமும் தண்ணீர் ஊற்றுகிறோம், அதனால் அந்த வளைவு நிறைந்தே இருக்கிறது. தானியங்கி ஸ்விட்ச் இருக்கும் வீட்டில் ஓவர்ஃப்ளோவில் மாதக்கணக்காகத் தண்ணீர் வழியாது. கோடையில் வளைவு சில நாளில் காய்ந்து வெறும் குழாயாகிவிடும். காயாத நாட்களில் அந்த ஒரு கோப்பைத் தண்ணீரே கொசு முட்டையிடப் போதும். மேலும் தண்ணீர் நின்றால் காற்று போக வழியில்லை. வலைதான் சரி.

மோட்டார் பைப் நுழையுற ஓட்டையை எம்-சீல் வச்சு அடைச்சோம். ஆறு மாசத்துல பேந்து வந்துடுச்சு. ஏன்?

டேங்க் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக். அதன்மேல் எம்-சீல், சிலிக்கான், பி.வி.சி. பசை எதுவும் உண்மையாகப் பிடிக்காது, ஒட்டினதுபோல் தெரியும். பகலில் வெயிலில் டேங்க் விரியும், இரவில் சுருங்கும், ஒவ்வொரு முறை மோட்டார் போடும்போதும் குழாய் அதிரும். மெல்ல விளிம்பில் மயிரிழை விரிசல் விழுந்து, பிறகு முழுத் துண்டாகப் பெயர்ந்துவிடும்.

பசையை நம்பாமல் இறுக்கி அடைக்க வேண்டும். குழாய் அளவுக்கேற்ற டேங்க் நிப்பிள் ஒன்று வாங்கி, இரு பக்கமும் ரப்பர் வாஷர் வைத்து நட்டை முறுக்குங்கள். ஓட்டை ஏற்கெனவே பெரிதாகிவிட்டிருந்தால் அதே இடத்தில் போராடாதீர்கள். ஓர் அளவு பெரிய நிப்பிளும் ரெடியூசிங் புஷ்ஷும் போட்டால் தீர்ந்தது. ஃப்ளோட் சுவிட்ச் ஒயருக்கு எலக்ட்ரிகல் கடையில் கேபிள் கிளாண்டு என்று கேளுங்கள், அதன் உள்ளிருக்கும் ரப்பர் ஒயரைச் சுற்றி இறுகும். மூடியைத் தூக்கி அதன் விளிம்பில் ஒயரை இடுக்கிவிடும் வழக்கம் இருக்கிறதே, டார்ச் சோதனையில் தெரியும் பிறை வெளிச்சத்துக்குப் பாதி நேரம் அதுதான் காரணம்.

சரி, 1000 லிட்டர் கருப்பு டேங்க் ஒண்ணுக்கு மொத்தமா என்னென்ன வாங்கணும், எந்த வரிசைல செய்யணும்?

ஒரு சாதாரண வீட்டை வைத்துச் சொல்கிறேன். ஒரு அங்குல மோட்டார் லைன், டேங்க்கின் தோளில் பெரிதாக வெட்டிய ஓட்டை வழியே நுழைகிறது. ஓவர்ஃப்ளோ ஒன்றரை அங்குலம், வாய் திறந்தது. முக்கால் அங்குல ஏர் பைப், வானம் பார்த்தது. மூடி அழுத்தி மூடும் வகை, விளிம்பில் ஒயர் இடுக்கியிருக்கிறது.

வாங்க வேண்டியவை: மோட்டார் லைனுக்கு ஒன்றேகால் அங்குல டேங்க் நிப்பிள் வாஷர்களோடு ஒன்று, அதை ஒரு அங்குலமாக்கும் ரெடியூசிங் புஷ் ஒன்று, காற்றுவழிக்கு ஒன்றரை அங்குல நிப்பிள் ஒன்று, ஒன்றரை அங்குல எல்போ இரண்டு, அதே அளவுக் குழாய் ஒன்றரை அடி, முக்கால் அங்குல எல்போ இரண்டும் அதே அளவுக் குழாய்த் துண்டும், 4 அங்குலம்வரை அகலப்படுத்தும் ரெடியூசர்கள், கேபிள் கிளாண்டு ஒன்று, எவர்சில்வர் வலை ஒரு சதுர அடி, 4, ஒன்றரை, முக்கால் அங்குலக் குழாய்க்கு ஆளுக்கொரு ஓஸ் கிளாம்ப், மூடிக்கு ரப்பர் பீடிங் ஒரு சுற்று. கிளாம்ப் குழாயின் வெளி விட்டத்துக்குப் பொருந்த வேண்டும், துண்டுக் குழாயைக் கையில் எடுத்துப்போய்ப் பாருங்கள்.

வரிசை முக்கியம். முதலில் தண்ணீரை இறக்கி, துளை போடும் வேலையை எல்லாம் முடியுங்கள், ஏனென்றால் சுருள் சுருளாகப் பிளாஸ்டிக் உள்ளே விழும். பிறகு கழுவுங்கள் (அடுத்த பதில்). அதன்பின் வலைகளைக் கட்டி, டேங்க்கை நிரப்பி, மோட்டாரை வேண்டுமென்றே ஐந்து நிமிடம் கூடுதலாக ஓடவிடுங்கள். தண்ணீர் ஓவர்ஃப்ளோவில் மட்டும் வழிய வேண்டும். நிப்பிளிலோ மூடியிலோ ஒரு சொட்டு வந்தாலும் அங்கே வேலை பாக்கி. இரவில் டார்ச் சோதனையோடு முடியுங்கள்.

ஏற்கெனவே புழு இருக்கு. ப்ளீச்சிங் பவுடர் போட்டா செத்துடும்ல?

குடிநீருக்குப் போடும் அளவில் சாகாது. சாகடிக்கும் அளவு போட்டால் அந்தத் தண்ணீரைப் பயன்படுத்த முடியாது. இன்னொரு சிக்கல் முட்டை. ஏடிஸ் முட்டையைத் தண்ணீரில் இடாது, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஈரமான சுவரில் ஒட்டிவைக்கும். மிளகுத்தூள் தூவியதுபோல் கருப்பாக இருக்கும், கருப்பு டேங்க்கில் கண்ணுக்கே தெரியாது. காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, தண்ணீர் மட்டம் தொட்டதும் பொரியும். அதனால் தண்ணீரை மட்டும் கொட்டிவிட்டு நிரப்பினால் இரண்டு வாரத்தில் மறுபடி புழு.

டேங்க்கைக் காலி செய்து, நீள் கைப்பிடி பிரஷ்ஷால் உள்சுவரைத் தேயுங்கள், முக்கியமாக மேல் மூன்றில் ஒரு பங்கை. அடியில் உள்ள மண்டியை முழுதாக எடுங்கள். மண்டி இருந்தால் குளோரின் அதிலேயே செலவாகிவிடும். பிறகு நிரப்பி, 1000 லிட்டருக்கு 150 கிராம் ப்ளீச்சிங் பவுடர், 33 சதவீத ரகம். ஒரு பக்கெட் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். இது லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின். குடிநீர் அளவைவிட நூறு மடங்குக்குமேல், அதனால் வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள், ஆர்.ஓ. இயந்திரத்துக்குப் போகும் வால்வை அடைத்துவிடுங்கள். ஒவ்வொரு குழாயையும் குளோரின் வாடை வரும்வரை திறந்து மூடுங்கள், ஓர் இரவு நிற்கட்டும். காலையில் முழுக்க இறக்கி, இரண்டு முறை அலசுங்கள். ஆசிட்டோடு ப்ளீச்சிங்கை எந்தக் காரணத்துக்கும் கலக்காதீர்கள், விஷவாயு வரும். சிமெண்ட் தொட்டிக்குள் தனியாளாக இறங்கவும் கூடாது.

குழாயில் வந்தது சிவப்புப் புழு. அதுவும் கொசுதானா?

இல்லை. கொசுப்புழு சாம்பல் நிறத்தில் நெளிந்து நெளிந்து மேலே வந்து, தலைகீழாகத் தொங்கி மூச்சு வாங்கும். அனாஃபிலிஸ் மட்டும் நீர்ப்பரப்புக்கு இணையாகப் படுத்திருக்கும். சிவப்புப் புழு கடிக்காத ஒரு சிறு பூச்சியின் புழு. அது அடி மண்டியில் வாழும், மேலே வர வேண்டிய அவசியமில்லை. அதன் நிறத்துக்குக் காரணம் ஹீமோகுளோபின். உள்ளே நுழையும் வழி கொசுவுக்குள்ள அதே வழிதான், ஆனால் மண்டி இல்லாவிட்டால் தங்காது. ஆக அது வந்தால் டேங்க்கின் அடியைக் கழுவி நாளாகிவிட்டது என்று புரிந்துகொள்ளலாம்.

அடியில் படியுற மண்டி எல்லாம் காற்றுல வர்ற தூசிதானா? வலை தடுக்குமா?

கொசு வலை நுண்தூசியைத் தடுக்காது. ஆனால் பெரும்பாலான மண்டி காற்றில் வந்தது இல்லை. விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். நறநறவென்று மணலாக, மோட்டார் குழாய் விழும் இடத்துக்கு நேர் கீழே குவிந்திருந்தால் அது போரிலிருந்து வந்தது, அதற்கு மூடியைக் குறை சொல்லிப் பயனில்லை. மாவுபோல் மெல்லியதாக அடி முழுக்க ஒரே சீராகப் படிந்திருந்தால் தூசி. சருகுத் துண்டு, இறகு, பூச்சிக் காலெல்லாம் இருந்தால் விரல் நுழையும் ஓட்டை எங்கோ இருக்கிறது. பச்சையாக வழவழப்பு இருந்தால் வெளிச்சம் போகிறது, வெளுத்துப்போன மூடியை மாற்றுங்கள்.

மூடிமேல பறவை எச்சம் கிடந்தா என்ன, உள்ளேயா போகுது?

முதல் மழையில் போகும், மூடி விளிம்பு கவிழ்ந்து தொங்காவிட்டால். 1993-ல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்துச் சிற்றூரான கிடியனில் ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்குள் புறாக்கள் புகுந்து அசுத்தமான நீரால் சால்மோனெல்லா பரவியது. 600-க்கும் மேற்பட்டவர்கள் நோயுற்றார்கள், ஏழு பேர் இறந்தார்கள். அங்கேயும் பிழை தொட்டியின் மேல்பக்கத் திறப்புகளில்தான். டேங்க்குக்கு மேலே கேபிள், டி.வி. ஒயர், கொடிக்கயிறு ஓடினால் நகர்த்திவிடுங்கள், பறவை உட்காரும் இடத்துக்கு நேர் கீழேதான் எச்சம் விழும். பல்லியோ அணிலோ செத்துக் கிடந்தால் தண்ணீரை முழுக்க இறக்கி மேலே சொன்ன குளோரின் கழுவலை ஒருமுறை செய்யாமல் பயன்படுத்த வேண்டாம்.

எல்லாம் செஞ்சாச்சு. டார்ச்ல ஒரு கீற்றுகூட தெரியல. ஆனா மூடியைத் திறந்தா கொசு பறந்து வெளியே வருது!

இரண்டு காரணம்தான் இருக்க முடியும். ஒன்று, தேய்க்காமல் விட்டுப்போன முட்டை. கழுவிய நாளிலிருந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் ஒருமுறை மட்டும் வந்தால் இதுதான். மறுபடி ஒரு தரம் தேய்த்துக் கழுவினால் நின்றுவிடும்.

நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் மாடியை விட்டு இறங்குங்கள். தரையடித் தொட்டியின் மூடியைத் திறந்து பாருங்கள். லாரித் தண்ணீர் ஊற்றும்போது நகர்த்திய பலகையை யாரும் ஒழுங்காக மூடியிருக்க மாட்டார்கள். அங்கே பொரித்த சின்னப் புழுக்கள் மோட்டாரைத் தாண்டியும் உயிரோடு மேலே வரக்கூடும். உறுதிசெய்ய, மோட்டார் குழாய் டேங்க்குக்குள் விழும் முனையில் ஒரு வெள்ளைத் துணியைத் தளர்வாகப் பைபோலக் கட்டி ஒருமுறை நிரப்புங்கள். துணியைக் கழற்றி வெள்ளைத் தட்டில் கொஞ்சம் தண்ணீரோடு உதறினால், புழு கீழிருந்து வருகிறதா இல்லையா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். வந்தால், சிமெண்ட் தொட்டிக்குச் சொன்ன கட்டும் கவிழ்ந்த மூடியும் கீழே உள்ள தொட்டிக்கும் வேண்டும்.